ரயில்வே கேட் படங்களில் போர்டு படிப்பது: மீனாட்சிபுரம், கொல்லங்கோடு பக்கத்து அனுபவம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடியிருப்பவன் நான். பொள்ளாச்சி, உடுமலையிலிருந்து கொல்லங்கோட்டுக்கும் நெல்லியாம்பதிக்கும் ஆள் ஏற்றி வரும் வேன் டிரைவர்கள் சில வருடங்களாக எனக்குப் படம் அனுப்பி வருகிறார்கள். வழியில் பார்த்த போர்டு என்ன சொல்கிறது, அதற்கு வண்டியை என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி. வளைவு, பள்ளிக்கூடம், வேகத்தடை போர்டுகளில் அவர்களுக்குச் சந்தேகமே வராது. குழப்பமெல்லாம் ரயில்வே கேட்டைச் சுற்றித்தான். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் ஒற்றை ரயில் பாதை மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு, புதுநகரம் என்று நம் சாலைகளை ஒட்டியும் குறுக்கிட்டும் ஓடுவதால், வருகிற படங்களில் பெரும்பங்கு அந்தக் கேட்டுகளில் எடுத்தவை. அதனால் இங்கே கேட் சங்கதி மட்டும்.

படம் வந்ததும் நான் முதலில் பார்ப்பது போர்டில் உள்ள எழுத்தை அல்ல, அது எந்தப் பக்கம் முகம் காட்டி நிற்கிறது என்பதைத்தான். கேட் இருக்கும் இடத்தில் இரண்டு டிரைவர்களுக்குப் போர்டு வைத்திருக்கிறார்கள். ஒருவர் சாலையில் வருபவர், இன்னொருவர் தண்டவாளத்தில் வருகிற லோகோ பைலட். சுற்றுலா வருகிறவர்கள் முதலமடை ஸ்டேஷன் ஆலமரத்தடியில் படம் எடுத்துவிட்டு, அப்படியே பாதையோரம் தெரிகிற மஞ்சள் போர்டுகளையும் எடுத்து அனுப்புவார்கள். அவற்றில் பல நமக்குச் சொன்னவையே அல்ல.

டபிள்யூ/எல் என்று கறுப்பில் எழுதிய மஞ்சள் போர்டு அப்படிப்பட்டது. தண்டவாளத்தை ஒட்டி, கேட்டுக்குச் சுமார் 600 மீட்டர் முன்னால், ரயில் வரும் திசையைப் பார்த்து நிற்கும். முன்னால் லெவல் கிராசிங் இருக்கிறது, இங்கிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே போ என்று லோகோ பைலட்டுக்குச் சொல்கிறது. சாலையில் இருப்பவருக்கு அதில் கட்டளை எதுவும் இல்லை. ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் ரயில் 600 மீட்டரைக் கடக்க 27 விநாடி போதும். அந்த ஹாரன் காதில் விழுந்த பிறகு நம் கையில் அரை நிமிடம்கூட இல்லை. கேட் பழுதாகித் திறந்தே கிடக்கிற நாளில் இந்த 27 விநாடியைத்தான் மனதில் வைக்க வேண்டும்.

மஞ்சள் முக்கோணத்துக்குள் கறுப்பில் ஓர் எண் மட்டும் எழுதிய போர்டும் ரயிலுக்கானதுதான். "30 போட்டிருக்குங்கண்ணா, நம்ம 30-ல போகணுமா?" என்று உடுமலைத் தம்பி ஒருவர் கேட்டார். படத்தில் போர்டின் காலடியில் ஜல்லி தெரிந்தது, முகம் தண்டவாளத்தின் நெடுக்கைப் பார்த்து இருந்தது. பாதை வேலை நடக்கிற இடத்தில் ரயிலுக்குப் போட்ட வேகக் கட்டுப்பாடு அது. சாலை வேக வரம்பு எப்போதும் சிவப்பு விளிம்பு போட்ட வட்டத்துக்குள்தான் வரும். முக்கோணத்தில் எண் மட்டும் இருந்தால் நம்முடையது இல்லை என்று அவரிடம் சொன்னேன்.

இனி நமக்கான போர்டுகள். சிவப்பு விளிம்பு முக்கோணத்துக்குள் வேலி போட்ட மாதிரி கேட் படம் இருந்தால் ஆள் இருக்கும் கேட். அதே முக்கோணத்துக்குள் ரயில் எஞ்சின் படம் இருந்தால் ஆள் இல்லாத கேட். இது பலருக்கும் தெரியும். அதன் கீழே இருக்கும் சின்னப் பலகையைத்தான் யாரும் கவனிப்பதில்லை, படத்திலும் பெரும்பாலும் அதை வெட்டிவிடுகிறார்கள். அந்தப் பலகையில் இரண்டு பட்டை இருந்தால் கேட் இன்னும் 200 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஒற்றைப் பட்டை என்றால் 50 முதல் 100 மீட்டருக்குள் வந்துவிட்டது. மணிக்கு 60-ல் போகிற வேன் 200 மீட்டரை 12 விநாடியில் தின்றுவிடும், 40-ல் போனால் 18 விநாடி கிடைக்கும். ஆகவே இரட்டைப் பட்டையைப் பார்த்த இடத்திலேயே காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும், முந்துகிற எண்ணத்தையும் அங்கேயே விட்டுவிட வேண்டும். ஒற்றைப் பட்டைக்கு வரும்போது வண்டி நிறுத்தத் தோதான வேகத்தில் இருக்க வேண்டும்.

விரிவாகச் சொல்ல வேண்டிய படம் ஒன்று உண்டு. பொள்ளாச்சி டிரைவர் ஒருவர், எனக்கு மூத்தவர், முன்கண்ணாடி வழியாக எடுத்து அனுப்பினார். வயலுக்கு நடுவே ஒரு கிளைச் சாலை, இடது ஓரத்தில் வெளிறிப்போன முக்கோணம், உள்ளே எஞ்சின் படம், கீழே ஒற்றைப் பட்டை. "ஏனுங்க, இந்தக் கேட்டுல ஆளே இருக்க மாட்டாங்களா? உள்ள பதினாறு பேர் உக்காந்திருக்காங்க" என்று கேட்டார். அகலப் பாதையில் ஆளில்லா லெவல் கிராசிங்குகளை 2019 ஜனவரிக்குள் ரயில்வே எடுத்துவிட்டது. சிலவற்றில் ஆள் போட்டார்கள், சிலவற்றை மூடி அடியில் சுரங்கப்பாதை கட்டினார்கள், சிலவற்றைப் பக்கத்துக் கேட்டோடு சேர்த்தார்கள். இந்தப் பாதையோ 2015-ல்தான் அகலப் பாதையாகித் திறந்தது. எனவே எஞ்சின் படம் பழைய போர்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இன்னொரு தடயமும் கிடைத்தது. சாலை நேராகத் தண்டவாளத்துக்கு ஏறாமல் கீழ்நோக்கி இறங்கியது, சற்றுத் தள்ளி ஒரு வட்டப் போர்டின் விளிம்பு தெரிந்தது. அந்த வட்டத்தை மட்டும் நேராக நின்று எடுத்து அனுப்பச் சொன்னேன். மேலும் கீழும் கறுப்பு அம்பு முனை, நடுவில் மீட்டரில் ஓர் எண். உயர வரம்பு. ஆக அங்கே இப்போது கேட் கிடையாது, சுரங்கப்பாதைதான். அவர் செய்ய வேண்டியது கூரை மேல் கட்டிய பெட்டிகளோடு சேர்த்து வேனின் உயரம் அந்த எண்ணுக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பது. மழைக்காலமானால் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று இறங்கிப் பார்ப்பதும் சேரும்.

அந்த வட்டப் போர்டு படத்தில் சிக்காமல் போயிருந்தால் நான் வேறு பதில்தான் சொல்லியிருப்பேன். பழைய போர்டோ புதிய போர்டோ, எஞ்சின் படத்தைப் பார்த்தால் அதற்குரிய கட்டளைக்குக் கீழ்ப்படிவதுதான் சரி. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆளில்லாத கேட்டில் வண்டியை நிறுத்த வேண்டும். கண்டக்டரோ கிளீனரோ உடன் வரும் வேறு ஒருவரோ இறங்கி நடந்துபோய், இரு பக்கமும் ரயில் வரவில்லை என்று பார்த்து, வண்டியை முன்னால் நின்று கடத்திவிட வேண்டும். கூட ஆள் இல்லையென்றால் டிரைவரே இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.

அடிக்கடி வரும் இன்னொரு படம் சிக்னல் கம்பம். கம்பத்தில் வட்டமான மஞ்சள் தகடு, அதில் கறுப்பாக ஜி என்ற எழுத்து, மேலே சிவப்பு விளக்கு. "ரயிலுக்குச் சிவப்பு விழுந்திருக்கு, அப்ப நாம தாராளமா போலாம்ல?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். போகக் கூடாது, காரணம் அந்த ஜி எழுத்திலேயே இருக்கிறது. ஜி தகடு இருந்தால் அது கேட்டோடு இணைந்த சிக்னல், கேட் மூடிப் பூட்டாமல் பச்சை விழாது. ஆனால் அங்கே சிவப்பு விழுந்திருந்தாலும் ரயில் அங்கேயே நின்றுவிடும் என்று அர்த்தம் இல்லை. லோகோ பைலட் நிறுத்தி ஹாரன் அடித்து, பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் காத்திருந்த பிறகு, எச்சரிக்கையோடு மெதுவாகக் கேட் வரை வரலாம் என்பது விதி. எனவே ரயிலின் சிக்னலைப் பார்த்துச் சாலைக்காரர் முடிவெடுக்க இடமே இல்லை. நமக்குச் சொல்ல வேண்டியதைக் கேட்டும் கேட்கீப்பரின் கையும்தான் சொல்லும். மூடிய கேட்டைத் தூக்கிவிட்டுப் போவது 1989 ரயில்வே சட்டத்தின் 160-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம். உடைத்தால் ஐந்து வருடம் வரை.

மின்கம்பி வந்த பிறகு கேட்டுக்கு இரு பக்கமும் சாலைக்குக் குறுக்கே உயரக் கம்பம் நட்டிருக்கிறார்கள். வைக்கோல் பாரம் ஏற்றி வரும் லாரிக்காரர்கள் இதைப் படம் எடுத்து அனுப்புவதுண்டு. பாரம் அந்தக் குறுக்குச் சட்டத்தில் உரசினால் திரும்பிப் போக வேண்டும், அமுக்கிக் கட்டி நுழைக்கப் பார்க்கக் கூடாது. பாரத்தின் மேல் ஆள் உட்கார்ந்திருந்தால் கேட்டுக்கு முன்பே இறங்கி நடந்து கடக்க வேண்டும். மேலே ஓடுவது 25,000 வோல்ட். தொடாமல் நெருங்கினாலே இழுத்துவிடும்.

போனில் எடுத்த படத்தை நம்பிப் பதில் சொல்வதில் எனக்குத் தெரிந்த எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். ஜூம் செய்து எடுத்த படத்தில் போர்டும் கேட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். தூரத்தைப் படத்திலிருந்து ஊகிக்கவே கூடாது, பட்டைப் பலகைதான் ஆதாரம். இரவில் ஃபிளாஷ் போட்டால் ஒளி திருப்பும் தாள் ஒட்டிய போர்டு வெள்ளையாகப் பொரிந்துவிடும். ஃபிளாஷை அணைத்து, ஹெட்லைட் பக்கவாட்டில் விழும்படி ஓரமாக வண்டியை நிறுத்தி எடுத்தால் எழுத்து தெரியும். எல்இடி சிக்னல் விளக்கு படத்தில் சில நேரம் அணைந்தது போலவோ வேறு நிறமாகவோ பதியும், அதனால் சிக்னலின் நிறத்தைப் படத்தை வைத்து நான் சொல்வதே இல்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிச் சின்ன எழுத்து கலங்கிவிடுகிறது, டாக்குமெண்டாக அனுப்பச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, கம்பத்தை உச்சியிலிருந்து தரை வரை முழுதாக எடுக்க வேண்டும். ஓட்டுகிறவர் எடுக்கவே கூடாது, பக்கத்தில் இருப்பவர்தான் எடுக்க வேண்டும்.

எந்தக் கேட் என்று படம் அனுப்புகிறவருக்கே தெரியாமல் போவதும் உண்டு. அப்போது தண்டவாளத்தை ஒட்டிய மின்கம்பத்தின் எண் தகட்டை ஒரு படம் எடுக்கச் சொல்வேன். அதில் ஓர் எண் ரயில் பாதையின் கிலோமீட்டர், மற்றது அந்தக் கிலோமீட்டருக்குள் அது எத்தனையாவது கம்பம் என்பது. அந்த இரண்டு எண் போதும், அது முதலமடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று எனக்குப் பிடிபட்டுவிடும்.