புகார்ப் பதிவேடு: சராசரியா, இடைநிலையா?

தண்ணீர் சுத்திகரிப்பான் சர்வீஸ் பதிவேடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஃபில்டர் புகார்கள் ஏழு. தீர 1, 1, 2, 2, 2, 3, 45 நாட்கள். கசிவுப் புகார்களும் ஏழு: 4, 5, 6, 6, 7, 7, 7.

சராசரி பார்த்தால் ஃபில்டர் 8 நாள், கசிவு 6 நாள். உடனே ஃபில்டர் பக்கம் ஓடுவோம். ஆனால் அந்த 45 ஒரே ஒரு வீடு. ஆள் ஊரில் இல்லாததால் மூடாமல் கிடந்த புகார். வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை, அதாவது இடைநிலையை எடுத்தால் ஃபில்டர் 2, கசிவு 6. திரும்பத் திரும்பத் தாமதமாவது கசிவுதான். வாஷர் கையிருப்பில் இருக்கிறதா என்று அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும்.

எக்செலின் சாதாரண பிவட் டேபிளில் இடைநிலை கிடையாது. கூகுள் ஷீட்ஸில் B பத்தியில் புகார் வகை, D பத்தியில் நாட்கள் என்றால்:

```
=MEDIAN(FILTER(D:D, B:B="கசிவு"))
```

என் தேர்வு இடைநிலை. ஆனால் அது அந்த 45ஐ மறைத்துவிடும், அதனால் பக்கத்திலேயே `MAX` ஒன்றும் போடுங்கள். அப்புறம், இன்னும் தீராத புகாரில் D காலியாக இருக்கும். இரண்டு கணக்குமே அதை விட்டுவிடும். அவற்றைத் தனியாக எண்ணுங்கள்.