வாக்காளர் அட்டைப் பெயர் திருத்தத்துக்கு 1,200 ரூபாய் வாங்கி ஏமாத்திட்டாங்க, பார்த்துக்கோங்க

இன்னிக்குத் தபால்ல வந்த கவரைப் பிரிச்ச கையோட எழுதுறேன். எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க, கை நடுங்குற அளவுக்குக் கோபம்.

அம்மா பேரு தமிழ்ச்செல்வி. வாக்காளர் அட்டையில 'தமிழ்ச்செல்லி'ன்னு இருக்கு. ஆங்கிலத்துலயும் அதே மாதிரி 'வி' போய் 'லி'. பேங்க்ல ஆதாரோட ஒத்துப்போகலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. திருத்தத்துக்காகத் தாலுகா ஆபீஸ் போனோம். வாசலுக்கு எதிர்லயே ஜெராக்ஸ் கடை மாதிரி ஒரு கம்ப்யூட்டர் சென்டர், "வாக்காளர் அட்டை திருத்தம் செய்து தரப்படும்"னு பேனர்.

அந்த ஆள் பண்ணதைச் சொல்றேன். அம்மாவுக்கு முதல்ல சேர் போட்டான். "உக்காருங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க"ன்னான். அட்டையை வாங்கிப் பார்த்து, நாங்க வாயைத் திறக்கறதுக்குள்ள "இது லி விழுந்திருக்கு, வி வரணும், அவ்வளவுதானே"ன்னான். மேசை டிராயரைத் திறந்து ஒரு கட்டு புது அட்டைகளைக் காட்டி, "எல்லாம் நம்ம போட்டதுதான், ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு"ன்னான். 1,200 ரூபாய், அதுல 800 உள்ள கொடுக்கணுமாம். அம்மா புடவை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தாங்க. பில் கேட்டா "இதுக்கெல்லாம் பில் கிடையாது சார்"னு சிரிச்சான். ஆதார் ஜெராக்ஸும் வாங்கிக்கிட்டான். விண்ணப்பத்துல மொபைல் நம்பரா போட்டது அவனோட நம்பரை. அதனால எங்களுக்கு எந்த எஸ்.எம்.எஸ்.ஸும் வரலை.

அப்புறம் ஆரம்பிச்சது அலைக்கழிப்பு. "சர்வர் டவுன் சார்." "மேடம் லீவு, வந்ததும் கையெழுத்து ஆயிடும்." ஒரு தடவை "உங்க அம்மா ஆதார்லயே ஏதோ கோளாறு"ன்னு எங்க மேலேயே திருப்பினான். கடைசியில போன் எடுக்கறதையே விட்டுட்டான். நேர்ல போய் நின்னப்போ எரிச்சலோட ஒரு துண்டுச் சீட்டுல விண்ணப்ப எண்ணைக் கிறுக்கி, "நீங்களே பாத்துக்கோங்க, அட்டை கிளம்பிடுச்சு"ன்னான்.

இன்னிக்கு ஸ்பீடு போஸ்ட்ல அட்டை வந்துச்சு. பளபளன்னு புது அட்டை. பேரு தமிழ்ச்செல்லி.

நேரா தாலுகா ஆபீஸ் தேர்தல் பிரிவுக்கு ஓடினேன். அங்க இருந்த பெண் ஊழியர் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்த்துட்டு, "இது திருத்தத்துக்கே போடலையே, அட்டை சிதைஞ்சு போச்சு, வேற அட்டை கொடுங்கன்னு போட்டிருக்கு"ன்னாங்க. விஷயம் இதுதான். இந்த வேலைக்கெல்லாம் படிவம் 8 ஒண்ணேதான், ஆனா அதுக்குள்ள முகவரி மாற்றம், விவரத் திருத்தம், திருத்தம் இல்லாம மாற்று அட்டை, மாற்றுத்திறனாளின்னு குறிக்கிறது, இப்படித் தனித்தனி தேர்வுகள் இருக்கு. மாற்று அட்டைன்னு டிக் பண்ணா, வாக்காளர் பட்டியல்ல என்ன பேர் இருக்கோ அதையே அச்சடிச்சு அனுப்புவாங்க. பட்டியல் திருந்தாம அட்டை திருந்தாது. திருத்தம்னு போட்டா அதுக்கான சான்று இணைக்கணும், வாக்குச்சாவடி நிலை அலுவலர் விசாரிப்பார். அவனுக்கு அந்த வேலையே வேண்டாம். புது அட்டைன்னு ஒண்ணு கைக்கு வந்தா நாம வாயை மூடிக்குவோம்னு கணக்கு. டிராயர்ல காட்டின கட்டுல எத்தனை அட்டை இப்படியோ!

இதுல வயிறு எரியுறது என்னன்னா, படிவம் 8-க்குக் கட்டணமே கிடையாது. ஒத்தப் பைசா இல்லை. அந்த 800-ஐப் பத்திக் கேட்டதுக்கு அந்த ஊழியர் தலையில அடிச்சுக்கிட்டாங்க. அங்கேயே படிவம் கொடுத்தாங்க, எழுதிக் கொடுத்துட்டேன். சென்டர்ல போய்க் கேட்டா "புது அட்டை வந்துச்சுல்ல சார், வேற என்ன வேணும்?" 1,200 ரூபாய் சார், அம்மா முடிச்சுல இருந்து எடுத்த 1,200 ரூபாய்!

விவரமா எழுதலாம்னு நெனச்சேன், முடியலை. சுருக்கமா: voters.eci.gov.in-ல நீங்களே போடலாம், முடியலைன்னா உங்க வாக்குச்சாவடி நிலை அலுவலர்கிட்டயே கொடுங்க. யாரு போட்டாலும் 'திருத்தம்'னு டிக் ஆகியிருக்கான்னு கண்ணால பாருங்க. ஆங்கிலத்துல அடிச்சா தமிழ்க் கட்டம் தானா நிரம்பும், அங்கதான் இந்த லி, வி எல்லாம் மாறும், ரெண்டையும் படிச்சுட்டு அனுப்புங்க. மொபைல் நம்பர் உங்களோடதா இருக்கணும். சந்தேகம்னா 1950-க்குப் போன் பண்ணுங்க. ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தா குறுக்கே எதுக்குன்னு எழுதிக் கொடுங்க. எங்களுது இன்னும் அவன் டிராயர்லதான் கிடக்கு, கேட்டா "தேடித் தர்றேன்"ங்கறான்.