விரலும் ஜிமிக்கியும்: மறுபடி மறுபடி உருவாக்குவதா, நெருக்க வெட்டு கொடுப்பதா?

கல்யாண வரவேற்புப் பலகைக்காக மணப்பெண் படம் ஒன்றை ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல் என்ற படம் உருவாக்கும் ஏஐ மாடலில் செய்துகொண்டிருந்தேன். கன்னத்தில் கை வைத்தபடி, இடுப்புவரை தெரிகிற படம். முகம் அழகாக வந்துவிட்டது. ஆனால் கையில் ஆறு விரல். மோதிரம் விரலைச் சுற்றாமல் மேலே ஒட்டவைத்ததுபோல் இருந்தது. மாட்டல் கூந்தலுக்குள் போகாமல் அட்டிகையோடு கலந்துவிட்டது. பெண் வீட்டார் கேட்டதோ பாட்டி கொடுத்த அதே ஜிமிக்கி.

இதற்கு மூன்று வழி உண்டு. முதல் வழி, படம் எதிலிருந்து தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை மாற்றி மாற்றி உருவாக்கி நல்லதைப் பொறுக்குவது. குறிப்பிட்ட நகைதான் வேண்டும் என்றில்லை, கை ஓரமாக எங்கோ தெரிந்தால் போதும் என்றால் இது சரி. கை சரியாக வருகிற படத்தில் முகம் மாறிவிடும், அதுதான் இதில் சிக்கல். இரண்டாவது, கெட்ட இடத்தை மட்டும் மாஸ்க் போட்டுக் குறித்து, வார்த்தையில் சொல்லித் திருத்துவது. மூன்றாவது, அதே மாஸ்க்கோடு, போட்டோவில் நிஜ நகை இருக்கும் இடத்தை நெருக்கமாக வெட்டி, அந்த நெருக்க வெட்டை ஐபி-அடாப்டர் என்ற துணை மாடல் வழியாக மாதிரியாகக் கொடுப்பது. நான் மூன்றாவதில்தான் நின்றேன்.

காரணம் முழுக்க பிக்சல் கணக்கு. இந்த மாடல் படத்தை நேரடியாக வரைவதில்லை. எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய கட்டத்தில் வரைகிறது. 1024 பிக்சல் படத்துக்குப் பக்கத்துக்கு 128 கட்டம். என் படத்தில் ஒரு விரலின் அகலம் சுமார் 24 பிக்சல், அதாவது மூன்றே கட்டம். இரண்டு விரல், நடுவே ஒரு இடுக்கு, மேலே ஒரு மோதிரம், இத்தனைக்கும் அங்கே இடம் போதாது. `Only masked` என்ற தேர்வு இதைச் சரிசெய்கிறது: கையைச் சுற்றி 256 பிக்சல் சதுரத்தை மட்டும் வெட்டி, 1024 ஆகப் பெரிதாக்கி, வரைந்து, திரும்பப் பொருத்துகிறது. விரலுக்கு இப்போது பன்னிரண்டு கட்டம். இதுவரை இரண்டாவது வழியும் மூன்றாவது வழியும் ஒன்றுதான்.

பிரிகிற இடம் மாதிரிப் படம். ஐபி-அடாப்டர் நாம் கொடுக்கும் படத்தை 224 பிக்சல் சதுரமாகச் சுருக்கித்தான் பார்க்கிறது. அதையும் 14 பிக்சல் துண்டுகளாக, பக்கத்துக்கு 16 வீதம். முதலில் நான் பெண்ணின் முழுப் போட்டோவை அப்படியே கொடுத்தேன். 3000-க்கு 4000 பிக்சல் போட்டோ, அதில் ஜிமிக்கி 200 பிக்சல் அகலம். சுருங்கியதும் 15 பிக்சல், கிட்டத்தட்ட ஒரே ஒரு துண்டு. அடுக்கும் முத்தும் அதில் எப்படித் தெரியும்? போதாததற்கு, சதுரமாக்கும்போது மேலும் கீழும் 500 பிக்சல் வெட்டுப்பட்டு நெற்றிச்சுட்டியே காணாமல் போயிருந்தது. அப்புறம் காதைச் சுற்றி 400 பிக்சல் சதுரமாக நானே வெட்டிக் கொடுத்தேன். அதே ஜிமிக்கி இப்போது எட்டுத் துண்டு அகலம். குடையின் வடிவமும், கீழே தொங்கும் முத்து வரிசையும், மாட்டல் காதுக்கு மேலே போகும் திசையும் வந்துவிட்டன. முத்தின் எண்ணிக்கை மட்டும் ஒன்றிரண்டு பிசகியது. அதைக் கையால் திருத்தினேன்.

வெட்டும்போது காது மடலையும் கொஞ்சம் கூந்தலையும் சேர்த்தே வெட்டுங்கள். நகையை மட்டும் வெள்ளைப் பின்னணியில் கொடுத்தால், அது எதில் தொங்குகிறது என்று மாடலுக்குத் தெரியாது, காற்றில் மிதக்கும். ஒரு மாஸ்க்குக்கு ஒரு வெட்டு போதும். மோதிரத்தையும் ஜிமிக்கியையும் ஒன்றாகக் கொடுத்தபோது மோதிரத்தில் முத்து தொங்கியது.

விரலுக்கு இந்த வழி அதே அளவு கைகொடுக்கவில்லை. வெட்டு தோற்றத்தைச் சொல்லும். விரல் எத்தனை, எப்படி மடங்கியிருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்லாது. பழைய படத்தை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் `Denoising strength` 0.45-இல் ஆறாவது விரல் அப்படியே நின்றது. அந்த விரலின் மேல் கன்னத்தின் நிறத்தைத் தூரிகையால் பூசி மறைத்துவிட்டு, அதே 0.45-இல் ஓட்டினதும் ஐந்தாக வந்தது. மடங்கிய விரல்களுக்கு, அதே நிலையில் என் கையைப் போட்டோ எடுத்து, எது முன்னே எது பின்னே என்ற ஆழத்தைப் பார்த்து வடிவத்தைப் பிடித்துவைக்கும் டெப்த் கண்ட்ரோல்நெட்டுக்குக் கொடுத்தேன். மருதாணிக் கையில் இரண்டு முறைதான் முயன்றிருக்கிறேன். கோலம் விரலிடுக்கில் குழம்பியது, அதற்கு இந்த வழியை அடித்துச் சொல்ல மாட்டேன்.

மாதிரியோடு வெளிச்சமும் ஒட்டிக்கொண்டு வரும் என்பது இன்னொரு குறை. மஞ்சள் பல்பின் கீழ் எடுத்த வெட்டு, காதை மட்டும் மஞ்சளாக்கிவிட்டது. மாதிரிக்குக் கொடுக்கும் எடையை 0.8-இலிருந்து 0.6-க்குக் குறைத்ததும் தணிந்தது, கூடவே குடையின் நுணுக்கமும் கொஞ்சம் குறைந்தது. அதனால் இப்போதெல்லாம் வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்: ஜன்னல் பக்கம் நின்று, இரண்டு காதும் தனித்தனியாக, மோதிரம் போட்ட விரல் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.