எக்ஸ்ட்ராடியூரலா, சப்டியூரலா: நான்கு துப்புகளில் எதை நம்புவது?

தலைக்காயம் பற்றிய மருத்துவத் தேர்வுக் கேள்விகளில், மண்டையோட்டுக்குள் தேங்கிய ரத்தம் எக்ஸ்ட்ராடியூரலா சப்டியூரலா என்று கண்டுபிடிக்க ரத்தக்குழாய், நேரம், இடையில் வரும் தெளிவு, ஸ்கேனில் தெரியும் வடிவம் என்று நான்கு துப்புகள் தருவார்கள். பலர் "நடுவில் தெளிவாகப் பேசினார்" என்ற வரியைக் கண்டதும் எக்ஸ்ட்ராடியூரல் என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், நான்கில் பலவீனமான துப்பு அதுதான். வலுவானது வடிவம்.

ஏன் என்று புரிய, ரத்தம் எங்கே தேங்குகிறது என்று பார்க்க வேண்டும். மூளையைச் சுற்றியுள்ள தடித்த உறையான டியூராவின் வெளி அடுக்கு மண்டையோட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. எலும்புகள் சேரும் தையல் கோடுகளில் அந்தப் பிடி இன்னும் இறுக்கம். எக்ஸ்ட்ராடியூரலில் ரத்தம் எலும்புக்கும் டியூராவுக்கும் இடையே புகுந்து, டியூராவைப் பிய்த்துக்கொண்டுதான் இடம் பிடிக்க வேண்டும். தையல் கோட்டில் போய் முட்டி நிற்கும். பக்கவாட்டில் பரவ வழியில்லாததால் உள்நோக்கிப் புடைக்கும். அதனால்தான் சி.டி.யில் இருபுறமும் குவிந்த லென்ஸ் வடிவம். தையல் கோட்டிலேயே முறிவு இருந்தால் இந்த விதி தவறலாம்.

சப்டியூரலில் அந்தத் தடை இல்லை. டியூராவுக்கும் அதன் அடியிலுள்ள மெல்லிய உறையான அரக்னாய்டுக்கும் நடுவில் ரத்தம் தையல் கோடுகளைப் பொருட்படுத்தாமல் மூளையின் மேற்பரப்பு நெடுகப் பரவி, பிறை வடிவம் எடுக்கும். ஆனால் இரு அரைக்கோளங்களுக்கும் நடுவே இறங்கும் ஃபால்க்ஸ் டியூராவின் மடிப்பே என்பதால், அதைத் தாண்டி மறுபக்கம் போகாது.

அடுத்து ரத்தக்குழாய். எக்ஸ்ட்ராடியூரலில் வழக்கமான குற்றவாளி மிடில் மெனிஞ்சியல் தமனி. நெற்றிப்பொட்டருகே டீரியான் பகுதியில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்திலேயே இந்தத் தமனியின் கிளை ஓடுகிறது. முறிவு அதைக் கிழித்தால் தமனி அழுத்தத்தில் ரத்தம் வெளியேறும். சப்டியூரலில் கிழிவது பெரும்பாலும் மூளையிலிருந்து டியூராவில் உள்ள சிரை சைனஸுக்குப் போகும் பிரிட்ஜிங் சிரைகள். வயதாகி மூளை சுருங்கினால் இவை நீண்டு இழுபட்டு நிற்கும், சின்ன அடியே போதும். முதியவர்களுக்கு டியூரா எலும்போடு நன்றாக ஒட்டிப்போவதால் எக்ஸ்ட்ராடியூரல் அரிது. ஆகவே கேள்வியில் வயதைக் கவனியுங்கள்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். 22 வயது இளைஞர், பந்து வலது நெற்றிப்பொட்டில் பட்டு ஒரு நிமிடம் நினைவிழக்கிறார். எழுந்து சரளமாகப் பேசுகிறார். இரண்டு மணி நேரத்தில் தலைவலி, வாந்தி, அப்புறம் மயக்கம். வலது கண்மணி விரிந்திருக்கிறது, இடது கை கால் பலவீனம். முதல் மயக்கம் அடியில் மூளை அதிர்ந்ததால் வந்தது. பிறகு ரத்தம் சேரச் சேர மண்டைக்குள் இடம் தீரும் வரை மூளை சமாளித்தது. அந்த அவகாசமே தெளிவான இடைவெளி. டெம்போரல் மடல் கீழிறங்கி, கண்மணியைச் சுருக்கும் மூன்றாம் மண்டை நரம்பை அழுத்த, அதே பக்கக் கண்மணி விரிந்தது. இது எக்ஸ்ட்ராடியூரல்.

இப்போது ஆளை மட்டும் மாற்றுவோம். 74 வயது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர், குளியலறையில் வழுக்கி விழுந்து சில மணி நேரம் நன்றாகப் பேசிவிட்டு மயங்குகிறார். இவருக்கும் தெளிவான இடைவெளி உண்டு. ஆனால் ஸ்கேனில் தையல் கோடுகளைத் தாண்டிய வெள்ளைப் பிறை. விடை தீவிர சப்டியூரல். மறுபக்கம், எக்ஸ்ட்ராடியூரல் வந்தவர்களிலும் பலருக்கு இந்த இடைவெளி வருவதில்லை. சிலர் மயங்கவே இல்லை, சிலர் மயக்கத்திலிருந்து எழவே இல்லை.

நேரத்தை வைத்து முடிவு செய்யும்போதும் நிதானம் வேண்டும். எக்ஸ்ட்ராடியூரல் பொதுவாகச் சில மணி நேரத்தில் தன்னைக் காட்டிவிடும். சப்டியூரலோ 3 நாட்களுக்குள் தீவிரம், சுமார் 3 வாரம் வரை இடைநிலை, அதற்கு மேல் நாள்பட்டது என்று பிரிகிறது. நாள்பட்டதில் குழப்பம், தள்ளாட்டம், மறதி என்று மெல்ல வரும்; விழுந்த கதையே குடும்பத்துக்கு மறந்துபோயிருக்கும். அதை டிமென்ஷியா என்று நினைத்துவிடும் ஆபத்து உண்டு.

ஸ்கேனிலும் ஒரு பொறி இருக்கிறது. புதிய ரத்தம் வெள்ளையாகவும், நாள்பட்டது கருமையாகவும் தெரியும். இடையில் வரும் வாரங்களில் ரத்தத்தின் சாம்பல் நிறம் மூளையின் நிறத்தோடு ஒன்றிவிடும், பிறை கண்ணுக்கே தெரியாது. அப்போது மூளை மடிப்புகளின் பள்ளங்கள் எலும்பு வரை எட்டுகின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் எட்டாமல் உள்ளே தள்ளி நின்று, நடுக்கோடும் எதிர்ப்பக்கம் நகர்ந்திருந்தால், அந்த இடைவெளியில் ரத்தம் இருக்கிறது.