பெண் வழக்கறிஞரை இத்தாலியத்தில் எப்படி எழுதுவது: நான்கு வடிவங்களின் ஒப்பீடு

வழக்கறிஞர், இயக்குநர், அமைச்சர் என்பனவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் பால் காட்டுவதில்லை. இத்தாலியத்தில் பெயர்ச்சொல்லும் ஆங்கில "the" போல அதற்கு முன்வரும் சுட்டும் அதைத் தழுவும் எச்சவினையும் ஒரே பாலில் இணங்க வேண்டியிருப்பதால், மூலத்தில் இல்லாத ஒரு முடிவை மொழிபெயர்ப்பாளரே எடுக்க நேர்கிறது. "வழக்கறிஞர் அன்னா ரோஸ்ஸி குழுவின் தலைவராக நியமிக்கப்பட்டார்" என்று ஒரு கற்பனையான ஆங்கில வாக்கியத்தை வைத்துக்கொண்டால், முதல் சொல்லுக்கே நான்கு வடிவங்கள் போட்டியிடுகின்றன.

முதலாவது, ஆண்பால் வடிவமான அவ்வொகாத்தோ. பதவி என்பது ஆளைச் சாராதது, ஆகவே ஆண்பாலே பொதுப்பால் என்பது இதன் ஆதரவாளர்களின் வாதம். தங்கள் பெயர்ப்பலகையில் இதையே எழுதும் பெண் வழக்கறிஞர்களும் பலர் உண்டு. ஆனால் சிக்கல் அடுத்த சொல்லிலேயே தொடங்குகிறது. "நியமிக்கப்பட்டார்" என்பதை "ஸ்தாத்தோ நொமினாத்தோ" என்று ஆண்பாலில் எழுதினால் அன்னா என்ற பெயரோடு அது மோதுகிறது. "ஸ்தாத்தா நொமினாத்தா" என்று பெண்பாலில் எழுதினால் எழுவாயாக நிற்கும் பட்டத்தோடு மோதுகிறது. செய்தி நீளும்போது எழுத்தாளர் ஒரு பத்தியில் ஒன்றையும் அடுத்த பத்தியில் மற்றொன்றையும் எழுதிவிடுவதுதான் வழக்கமாக நேரும் பிழை. திருத்துபவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த விகுதிகளைத்தான்.

இரண்டாவது, "தொன்னா அவ்வொகாத்தோ", அதாவது "பெண் வழக்கறிஞர்". பெண் என்பதே செய்தியாக இருந்த காலத்து வடிவம் இது. தூரின் நகரில் 1883இல் வழக்கறிஞர் பதிவேட்டில் சேர்க்கப்பட்டு, பெண் என்ற காரணத்தால் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டு, 1920இல்தான் மீண்டும் சேர்க்கப்பட்ட லிதியா போயத் பற்றிய வரலாற்றுக் கட்டுரையில் அது பொருந்தலாம். இன்றைய நியமன அறிவிப்பில் தேவையற்றது.

மூன்றாவதான அவ்வொகாத்தெஸ்ஸா சற்று நின்று பார்க்கத் தக்கது, ஏனெனில் பேச்சில் அது பரவலாக வழங்குகிறது. "எஸ்ஸா" என்ற விகுதி பெண் மருத்துவரைக் குறிக்கும் தொத்தொரெஸ்ஸா, பெண் பேராசிரியரைக் குறிக்கும் ப்ரொஃபெஸ்ஸொரெஸ்ஸா போன்ற சொற்களில் முழுமையாக வேரூன்றிவிட்டது. அவற்றை மாற்ற எந்தத் தேவையும் இல்லை. ஆனால் அதே விகுதி முற்காலத்தில் பதவி வகித்தவரின் மனைவியையும் குறித்தது, சில சொற்களில் கேலித் தொனியையும் ஏற்றது. இத்தாலியப் பிரதமர் அலுவலகம் வெளியிட்ட பரிந்துரைகளில் மொழியியலாளர் அல்மா சபத்தீனி 1987ஆம் ஆண்டிலேயே புதிய பெண்பால் சொற்களை இவ்விகுதியால் ஆக்க வேண்டாம் என்றார். நடுநிலையான அலுவல் ஆவணத்தில் அந்தப் பழைய சுமையைக் கொண்டுவருவது எனக்கு உகந்ததாகத் தோன்றவில்லை.

நான்காவது, அவ்வொகாத்தா. காதுக்குப் புதிதாக ஒலிக்கிறது என்பதே இதன் மீதான முதன்மைக் குறை. உண்மையில் சொல் பழையது: "சால்வே ரெஜீனா" என்ற கத்தோலிக்க மன்றாட்டின் இத்தாலிய வடிவம் மரியாளை "அவ்வொகாத்தா நோஸ்த்ரா", நமக்காகப் பரிந்து பேசுபவர், என்றே அழைக்கிறது. செவிலியரான இன்ஃபெர்மியேரா, தொழிலாளியான ஒபெராயா என்ற பெண்பால் வடிவங்களை யாரும் எதிர்ப்பதில்லை. உயர்பதவி என்று வரும்போது மட்டும் காது கூசுகிறது என்றால், அது இலக்கணத்தின் குறை அன்று. நீதித்துறை எழுத்து பற்றி 2023இல் அளித்த பதிலில் இத்தாலிய மொழிக் கழகமான அக்காதேமியா தெல்லா க்ரூஸ்காவும் பெண்பால் பதவிப் பெயர்களையே ஆதரித்தது. ஆகவே என் தெரிவு இதுவே.

இனி "தலைவர்". ப்ரெசிதெந்தே என்ற சொல் இரு பாலுக்கும் மாறாமல் நிற்கும். சுட்டு மட்டுமே "இல்", "லா" என்று மாறும். ப்ரெசிதெந்தெஸ்ஸா தேவையில்லை. நம் வாக்கியத்தில் அச்சொல்லுக்கு முன் சுட்டுக்கும் இடமில்லாததால் முழு வாக்கியம் முரணின்றி அமைகிறது: "லவ்வொகாத்தா அன்னா ரோஸ்ஸி எ ஸ்தாத்தா நொமினாத்தா ப்ரெசிதெந்தே தெல்லா கொம்மிஸ்ஸியோனே."

ஒருவர் தமக்கென வேறு வடிவத்தைத் தெரிந்துகொண்டிருந்தால் விதி தளர வேண்டும். 2022இல் பிரதமரான ஜோர்ஜா மெலோனியின் அலுவலகம் அவரை ஆண்பால் சுட்டோடு "இல் ப்ரெசிதெந்தே" என்றே குறிப்பிட்டது. அத்தகைய அலுவல்முறைப் பட்டத்தையும் கையொப்பத்தையும் அப்படியே தர வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தம் சொற்களில் விவரிக்கும் பகுதியில் "லா ப்ரெசிதெந்தே" என்று எழுதத் தடையில்லை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை, பெயரைக் கொண்டு பாலை ஊகிப்பவர்களுக்கு. ஆந்த்ரேயா, நிக்கோலா என்ற பெயர்கள் ஆங்கிலத்தில் பெரும்பாலும் பெண்களுடையவை, இத்தாலியில் பெரும்பாலும் ஆண்களுடையவை. லண்டன் நிறுவனத்தின் பட்டியலில் அப்பெயர்கள் வந்தால் ஆவணத்தை அனுப்பியவரிடம் கேட்டபின்பே பட்டத்தை எழுத வேண்டும். பதில் கிடைக்காவிட்டால் ஆளின் பட்டத்தை விடுத்து, "சட்டப் பிரிவின் சார்பில்" என்பதுபோல் வாக்கியத்தைத் திருப்பி அமைத்துக்கொள்ளலாம்.