எனக்கு நானே அனுப்பும் மெயில்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

காட்பாடியில் வீடு கட்டத் தொடங்கியபோது ரசீது, அளவு, நினைவூட்டல் எல்லாவற்றையும் ஜிமெயிலில் என் முகவரிக்கே அனுப்பிவைக்கத் தொடங்கினேன். குடிவந்து பல ஆண்டுகள் ஆகியும் பழக்கம் விடவில்லை. தனிச் செயலி வேண்டாம், புதுக் கடவுச்சொல் வேண்டாம். தேதியும் நேரமும் தாமாகவே பதிவாகிவிடுவதால், மேஸ்திரிக்கு எப்போது முன்பணம் கொடுத்தோம் என்ற பேச்சு எழுந்தால் அங்கேயே முடிந்துவிடும்.

முகவரியில் @ குறிக்கு முன்னால் `+veedu` என்று சேர்த்தாலும் கடிதம் நம் பெட்டிக்கே வந்துசேரும். அந்த முகவரிக்கு வருபவை இன்பாக்ஸில் நிற்காமல் ‘வீடு’ என்ற லேபிளுக்குள் போகும்படி ஒரு ஃபில்டர் போட்டிருக்கிறேன். இது இல்லாவிட்டால் வங்கி விளம்பரங்களுக்கு நடுவே நம் குறிப்பைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பெரிய குறை, அனுப்பியதைத் திருத்த முடியாது என்பது. மின் சாமான் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரீஷியன் சொன்னதை எழுதி அனுப்பினேன். மறுநாள் சமையலறைக்கு ஒரு பாயிண்ட் கூடியது. அதே மெயிலுக்கு ஒரு பதில் எழுதினேன். பிறகு ஒயர் அளவு மாறியது, இன்னொரு பதில். லாங்கு பஜாரில் கடைக்காரர் முன் நிற்கும்போது என் கையில் ஒரு பட்டியல் இல்லை; ஒரு பட்டியலும் அதற்கு இரண்டு திருத்தங்களும் இருந்தன. மாறிக்கொண்டே இருக்கும் எதற்கும் மெயில் உதவாது. இப்போது அப்படிப்பட்டவற்றை ஒரே ஆவணமாக வைத்து, அதன் இணைப்பை மட்டும் மெயிலில் போட்டுக்கொள்கிறேன்.

தேடலில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஜிமெயில் முழுச் சொல்லாகத்தான் தேடுகிறது. நாமோ ‘ரசீதை’, ‘ரசீதில்’ என்று வேற்றுமை உருபு சேர்த்து எழுதுவோம். ‘ரசீது’ என்று தேடினால் அவை தப்பிவிடுகின்றன. அதனால் தலைப்பில் உருபு சேர்க்காத சொற்களையே வைக்கிறேன்: ‘சிமெண்ட் ரசீது மார்ச்’. `from:me to:me filename:pdf` என்று தேடினால் எனக்கு நானே அனுப்பிய பி.டி.எஃப். கோப்புகள் மட்டும் வரும். 25 எம்.பி.யைத் தாண்டும் கோப்பு டிரைவ் இணைப்பாக மாறிவிடும்; பிறகு டிரைவில் அதை அழித்தால் மெயிலில் வெறும் இணைப்புதான் மிஞ்சும்.

நினைவூட்டலுக்கு வெறும் மெயில் பயனற்றது, எழுதிய நிமிடமே வந்து நிற்கும். சொத்து வரி கட்ட வேண்டிய வாரத்தில் வந்துசேரும்படி நேரம் குறித்து அனுப்பும் வசதியை அதற்குப் பயன்படுத்துகிறேன்.

ஒன்றில் மட்டும் நான் கறார். ஜெராக்ஸ் கடைக் கணினியில் என் மெயிலைத் திறப்பதில்லை. பத்திரம், ஆதார், பான் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கின்றன. வேண்டிய கோப்பை மட்டும் கடையின் முகவரிக்கு அனுப்பி, அச்செடுத்ததும் என் கண்ணெதிரே அழிக்கச் சொல்கிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.