பா³த்தும் பா⁴த்தும்: இந்தி மூச்சொலிகளில் பதினான்கு மாதச் செவிப்பயிற்சி

கானாடுகாத்தானில் விடுதியாக மாற்றப்பட்ட ஒரு பழைய வீட்டில் வரவேற்புப் பணியில் இருக்கிறேன். பாட்னாவிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டியம்மா, பந்திக்கட்டில் அமர்ந்து "தோ²டா³ பா⁴த்" வேண்டும் என்றார். கொஞ்சம் சோறு கேட்ட அவரை, கொஞ்சம் பேச வேண்டும் என்கிறார் என்று புரிந்துகொண்டு மேலாளரை அழைத்துவந்தேன். பேச்சு என்னும் பொருளுடைய பா³த் பெண்பால் ஆதலால் "தோ²டீ³" என்றுதான் வந்திருக்கும் என்பது பிறகே தெரிந்தது. இலக்கணத்தைக் கொண்டு ஊகிக்காமல், ஒலியைக் காதாலேயே பிரித்தறிய வேண்டும் என்று அன்று தொடங்கிய பயிற்சியைத்தான் இங்கே பதிகிறேன்.

ஸ்தோத்திரப் புத்தகங்களில் உள்ளபடியே எண்களை இட்டிருக்கிறேன்: எண் இல்லாதது வல்லொலி, 2 அதன் மூச்சொலி, 3 குரல் கலந்த ஒலி, 4 குரலும் மூச்சும் கலந்தது.

எங்கள் சமையலறையில் பணிபுரியும் பீகார்த் தம்பதியரிடம் பத்து இணைச் சொற்களைச் சொல்லச் செய்து செல்பேசியில் பதிவுசெய்தேன். கானா (ஒற்றைக்கண்ணன்) – கா²னா (உணவு), தாலீ (கைதட்டல்) – தா²லீ (தட்டு), தா³ன் (கொடை) – தா⁴ன் (நெல்), பா³ரீ (முறை) – பா⁴ரீ (கனமான) போன்றவை அவை. ஒரு முறைக்கு இருபது பதிவுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்டு, எந்தச் சொல் என்று குறித்துவைத்த பின்பே விடையைப் பார்ப்பேன். வெறும் ஊகத்திலேயே பத்து சரியாகிவிடும். பதினைந்து அல்லது அதற்கு மேல் ஊகத்தால் வருவதற்கு நூற்றுக்கு இரண்டு வாய்ப்புத்தான் உண்டு என்பதால், பதினைந்தையே என் எல்லையாக வைத்துக்கொண்டேன்.

கா² வகை மூன்றே வாரத்தில் பிடிபட்டது. வாய் திறந்த பின் குரல் தொடங்குமுன் ஒரு சிறு மூச்சு இடைவெளி இருப்பதால் காது அதை எளிதில் பற்றிக்கொள்கிறது. உச்சரிப்பைச் சோதிக்கவும் வாய்க்கு எதிரே ஒரு காகிதத்துண்டு போதும். கா² சொல்லும்போது அது துள்ளும், கா சொல்லும்போது ஏறக்குறைய அசையாது.

நான்காம் வகையோ இரண்டு மாதமாகியும் பதினொன்றைத் தாண்டவில்லை. நான் மெய்யெழுத்தின் தொடக்கத்திலேயே வேறுபாட்டைத் தேடிக்கொண்டிருந்ததுதான் காரணம். பா³, பா⁴ இரண்டிலும் உதடு மூடியிருக்கும்போதே குரல் ஒலிக்கிறது. பா⁴-வில் உதடு திறந்த பிறகு குரல்வளை தளர்ந்தபடியே அதிர்வதால், பின்வரும் ஆகாரத்தின் முற்பகுதி மூச்சு கலந்து, சற்றுத் தாழ்ந்த சுருதியில் தொடங்குகிறது. அதை உணர, ஒலித்திருத்தச் செயலியில் பா³த், பா⁴த் பதிவுகளின் தொடக்க மெய்யை வெட்டிவிட்டு, எஞ்சிய 'ஆத்' பகுதிகளை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒன்று தெளிவான ஆகாரம், மற்றது பெருமூச்சோடு விட்ட ஆகாரம். மெய்யே இல்லாமல் சொல்லை அடையாளம் காண முடிந்த அந்த மாலையை மறக்க மாட்டேன். ஒரு மாதத்தில் பதினேழுக்கு வந்தேன்.

அதன்பின் டெல்லியிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் அன்போடு அதே சொற்களைப் பதிவுசெய்து தந்தபோது மதிப்பெண் பன்னிரண்டுக்கு இறங்கியது. ஒலியைக் கற்றதாக நினைத்த நான், பெரும்பகுதி அந்த இரு குரல்களின் பதிவுகளை மனப்பாடம் செய்திருக்கிறேன். பிறகு ஆறு குரல்களைச் சேர்த்தேன். புதிய குரலிலும் பதினைந்து வந்தால்தான் ஓர் இணை முடிந்ததாகக் கொள்கிறேன். ஸாத் (ஏழு) – ஸாத்² (உடன்) மட்டும் இன்னும் நிலைக்கவில்லை. சொல்லின் இறுதியில் மூச்சு மெலிந்துவிடுகிறது. வேகமாகப் பேசுகையில் அவர்களே அதை விட்டுவிடுவதும் உண்டு.

டகரம்போல நாவை மடித்துச் சொல்லும் நாமடி ஒலிகளில் நமக்குச் சிரமம் குறைவு. அதை, அடை என்று பேசும் காதுக்குத் தா³ல் (பருப்பு), டா³ல் (கிளை) குழம்புவதில்லை. 'படம்' என்பதில் நாம் சொல்லும் டகரமே, தோ²டா³ என்பதில் நா சட்டென வருடிச் செல்லும் இந்தி வருடொலிக்கு மிக அருகில் இருக்கிறது. இடறுவது உயிர்களுக்கு நடுவே வரும் தனி வல்லொலியில்தான். பீடா (அடித்தான்) என்பதை நம் பழக்கம் பீடா³ (வலி) ஆக்கிவிடும், அல்லது அழுத்தி 'பீட்டா' என்று இரட்டிக்கும். ரோடீ நமக்கு ரொட்டியானதும் இப்படித்தான். நீட்டாமல், குரலும் சேர்க்காமல் ஒரே தட்டில் சொல்லிப் பழக இரண்டு மாதமாயிற்று.

வாயால் சொல்வதில் நான் நெடுநாள் செய்த பிழை, பா⁴த் என்பதை 'ப³ஹாத்' என்று இரண்டு அசையாக்கியது. இங்கே காகிதத்துண்டை நம்ப முடியாது. குரலை நிறுத்திப் பா² என்றாலும் அது துள்ளும். தொண்டையில் விரல் வைத்து அதிர்வு அறுபடவில்லை என்று பார்த்து, கைதட்டி ஒரே அசையாக வருகிறதா என்று எண்ணிப்பார்க்கிறேன். பட்³னா (விழுதல்) – பட்⁴னா (படித்தல்) இணையை இப்போது நாளுக்குப் பத்து நிமிடம் சொல்கிறேன். பதிவுசெய்ததைச் சமையலறை அம்மாவிடம் கொடுத்து, எந்தச் சொல் கேட்கிறது என்று அவரே எழுதச் சொல்வேன்; சென்ற வாரம் இருபதில் பதினான்கை நான் நினைத்தபடியே எழுதியிருந்தார்.